ரேட்டா, சார்ஜா?

துபாய் சோனாப்பூர் கேம்ப்களில் சம்பளம் விழுந்த வாரத்தில் அறைக்கு அறை ஒரே பேச்சுதான். "மச்சான், இன்னிக்கு ரேட் என்ன?" "இருபத்திரண்டு எண்பத்தஞ்சு. ரெண்டு நாள் பொறு, ஏறும்னு சொல்றாங்க." ராமநாதபுரத்துக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரேட் ஏறக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் என்ன கிடைக்கிறது என்று பைசா கணக்காகப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

முதலில் திர்ஹாமின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று அமீரக அரசு கட்டிப்போட்டிருக்கிறது. அதனால் திர்ஹாம் தானாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. டாலருக்கு எதிராக ரூபாய் அசைந்தால் திர்ஹாம் ரேட்டும் அதே பக்கம் அசையும், ஆனால் மூன்றரைப் பங்குக்கும் மேல் சுருங்கி அசையும். 'டாலர் 20 பைசா ஏறியது' என்று செய்தி வந்தால், திர்ஹாமுக்கு அது ஐந்தரைப் பைசாதான். ஆயிரம் திர்ஹாம் அனுப்புகிறவருக்கு அதனால் கூடக் கிடைப்பது சுமார் 55 ரூபாய்.

இனி ஒருவர் ஆயிரம் திர்ஹாமோடு எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்போனில் தேடினால் ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று காட்டுகிறது. இது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. நம் போன்றவர்களுக்கு அந்த விலையில் யாரும் தருவதில்லை. கடைக்காரர் பலகையில் 22.85 என்று போட்டிருக்கிறார். சார்ஜ், அதன் மேல் போடும் வாட் வரியோடு சேர்த்து, 20 திர்ஹாம் என்போம். ஆயிரத்தில் சார்ஜ் போக 980 திர்ஹாம்தான் ரூபாயாக மாறும். ஊருக்கு வந்து சேர்வது 22,393 ரூபாய்.

நடுப்புள்ளி விலையில் முழு ஆயிரமும் மாறியிருந்தால் 23,000 வந்திருக்கும். குறைந்தது 607 ரூபாய். இதில் 460 ரூபாய் சார்ஜாகப் போனது, ரசீதில் கண்ணுக்குத் தெரியும். மீதி 147 ரூபாய் ரேட்டில் வைத்த பதினைந்து பைசா வித்தியாசத்தில் போனது. அதற்கு ரசீதில் தனி வரி கிடையாது.

பக்கத்துக் கடையில் 'சார்ஜே இல்லை' என்று எழுதியிருக்கிறது. ஆனால் ரேட் 22.50. ஏமாற்று வேலை என்று உடனே நினைக்கத் தோன்றும். ஆயிரம் திர்ஹாமுக்கு அங்கே 22,500 கிடைக்கிறது, முதல் கடையைவிட 107 ரூபாய் அதிகம். அதே ஆள் மூவாயிரம் அனுப்பினால் கணக்கு தலைகீழ். சார்ஜ் வாங்கும் கடையில் 68,093, வாங்காத கடையில் 67,500. இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவே கோடு விழும் இடம் சுமார் 1,306 திர்ஹாம். அதற்குக் கீழே அனுப்பினால் இலவசக் கடை லாபம், மேலே போனால் சார்ஜ் கடை லாபம். காரணம் எளிது. சார்ஜ் தொகை எவ்வளவு அனுப்பினாலும் அதே 20 திர்ஹாம்தான், ரேட்டில் பிடிப்பதோ ஒவ்வொரு திர்ஹாமுக்கும் பிடிக்கப்படுகிறது. ரேட்டும் சார்ஜும் மாறினால் இந்த 1,306-ம் இடம் மாறும். ஆகவே இதை மனப்பாடம் செய்து பயனில்லை. இரண்டு கடையிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "என் கையில் இருக்கிற இந்தப் பணத்துக்கு ஊரில் எத்தனை ரூபாய் ஏறும்?"

நிரந்தரச் சார்ஜின் கடி சிறிய தொகையில்தான் தெரியும். "ஏங்க, ஸ்கூல் ஃபீஸுக்கு ஒரு பத்தாயிரம் இப்பவே போட்டு விடுங்க, மீதிய பதினஞ்சு தேதிக்கு மேல அனுப்பலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அவரும் 500 திர்ஹாமாக இரண்டு தடவை அனுப்புகிறார். ஒவ்வொரு தடவையும் 480 திர்ஹாம்தான் மாறுகிறது, 10,968 ரூபாய் போகிறது. இரண்டும் சேர்த்து 21,936. ஒரே தடவையில் அனுப்பியதைவிட 457 ரூபாய் குறைவு. மாதா மாதம் இப்படியே நடந்தால் வருடத்துக்கு 5,484 ரூபாய். ரேட்டில் ஐந்து பைசாவுக்காக இரவெல்லாம் பேசுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. ஊரில் 25,000 ரூபாய் கடனுக்கு மூணு வட்டி ஓடுகிறது என்றால் மாதம் 750, ஒரு நாளைக்கு 25 ரூபாய். ஐந்தரைப் பைசா ஏற்றத்துக்காக மூன்று நாள் காத்தால் ரேட்டில் 55 ரூபாய் வரும், வட்டியில் 75 ரூபாய் போகும். அதுவும் ரேட் ஏறினால்தான். இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து அனுப்பி ஒரு சார்ஜை மிச்சம் பிடிக்கலாம் என்பதும் இப்படித்தான். வீட்டில் கைமாற்று வாங்காமல் ஒரு மாதம் ஓட்ட முடிந்தால் மட்டுமே அது மிச்சம்.

எந்த வழியில் அனுப்புகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் பல, ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாட்டின்படி இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்து அதிலிருந்தே பணம் தருகின்றன. ரேட் கவுன்ட்டரிலேயே முடிவாகிவிடும். ரசீதில் உள்ள ரூபாய் அப்படியே பாஸ்புக்கில் ஏற வேண்டும், குறைந்தால் ரசீதோடு போய்க் கேட்கலாம். அங்குள்ள வங்கியிலிருந்து டாலராக அனுப்பினால் கதை வேறு. நடுவில் உள்ள வங்கி தன் பங்கைப் பிடிக்கலாம், இங்குள்ள வங்கி தன் ரேட்டில் மாற்றி அதற்கு ஜிஎஸ்டியும் பிடிக்கும். கடைசியில் எவ்வளவு வரும் என்று அனுப்பும்போது சொல்ல முடியாது. சின்னத் தொகைக்கு அந்த வழி வேண்டாம்.

உண்டியலில் போட்டால் சார்ஜும் இல்லை, ரேட்டும் நன்றாக இருக்கிறது என்பார்கள். உண்மையாகவே நன்றாக இருக்கலாம். ஆனால் அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம், கையில் ரசீதும் இருக்காது. பணம் வராவிட்டால் எந்த ஸ்டேஷனிலும் போய் நிற்க முடியாது.

அப்படியென்றால் ரேட்டைப் பார்க்கவே வேண்டாமா? ஐந்து வருடச் சேமிப்பையோ, வேலை முடித்துக் கிளம்பும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியையோ, 40,000 திர்ஹாம் மொத்தமாக அனுப்புகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டும். அவருக்கு 20 திர்ஹாம் சார்ஜ் ஒரு பொருட்டே இல்லை. கடைக்குக் கடை ரேட்டில் பத்துப் பைசா வித்தியாசம் இருந்தாலே 4,000 ரூபாய். பெரிய தொகை என்று சொல்லிப் பேரம் பேசினால் பலகையில் உள்ளதைவிடக் கூடுதல் ரேட் தரும் கடைகளும் உண்டு. அவர் நாலு கடை ஏறி இறங்கட்டும். மாதம் ஆயிரம் அனுப்புகிறவர் சம்பளம் வந்த அன்றே, ஒரே தடவையாக அனுப்பிவிடுவதுதான் லாபம்.