மாத்திரையின் வீரியத்தை மாற்றும் பழச்சாறு

1980களின் பிற்பகுதியில் கனடாவின் லண்டன் நகரில், டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் மதுவும் குடித்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. யாருக்கு மது கலந்து கொடுக்கிறோம் என்பது குடிப்பவருக்கே தெரியக்கூடாது. ஆகவே அதன் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றைச் சேர்த்தார்கள். பெரிய ஆரஞ்சு போலத் தோன்றும், லேசான கசப்புள்ள எலுமிச்சைக் குடும்பத்துப் பழம் அது.

முடிவைப் பார்த்தபோது குழப்பம். மது குடித்தவர், குடிக்காதவர் எல்லோருடைய ரத்தத்திலும் முந்தைய ஆய்வுகளில் கண்டதைவிட மருந்து பல மடங்கு அதிகமாக இருந்தது. சந்தேகம் சாற்றின்மேல் விழுந்தது. பெய்லி தன்மீதே சோதித்தார். மாத்திரையை ஒருமுறை தண்ணீரோடும் ஒருமுறை சாற்றோடும் விழுங்கிப் பார்த்ததில், சாற்றோடு விழுங்கியபோது ரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. 1991இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயர்வு பதிவானது. ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடும் தெரிந்தது.

இந்த உயர்வு எங்கிருந்து வருகிறது? 10 மில்லிகிராம் ஃபெலோடிபின் விழுங்கினால் சுமார் 1.5 மில்லிகிராம்தான் ரத்த ஓட்டத்தை எட்டும். மீதியை வழியிலேயே உடல் சிதைத்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் முக்கியமான நொதி CYP3A4. ஈரலில் மட்டுமல்ல, சிறுகுடலின் உட்சுவரிலும் அது இருக்கிறது. சுங்கச்சாவடிபோல, நுழையும் மருந்தில் ஒரு பங்கை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. மருத்துவர் எழுதித் தரும் அளவு இந்த இழப்பையும் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டதுதான். இழப்பு நின்றுபோனால் அதே மாத்திரையிலிருந்து நான்கு மில்லிகிராமுக்கு மேல் ரத்தத்தில் சேரும். தலைசுற்றல், முகச்சிவப்பு, தலைவலி, படபடப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். ஃபெலோடிபினை ஊசியாக நரம்பில் ஏற்றினால் சாறு எந்த மாற்றமும் செய்வதில்லை. தடை குடலில்தான் நிகழ்கிறது என்பதற்கு இதுவே சான்று.

கிரேப்ஃப்ரூட்டில் ஃபியூரனோகூமரின்கள் என்ற சேர்மங்கள் உள்ளன. நொதி அவற்றையும் வழக்கம்போல் உடைக்கப் பார்க்கிறது. உடைக்கும்போது உண்டாகும் பொருள் நொதியிலேயே ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. அந்த நொதி மீள்வதில்லை. குடல் புதிதாக உருவாக்கினால்தான் உண்டு. அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு டம்ளர் சாறு போதும், அதன் விளைவு ஒரு நாளைக்கு மேல் நீடிக்கும். முழுதாகத் தீர மூன்று நாள்வரை ஆகலாம்.

பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் ஆபத்தில்லை என்று நம்புகிறார்கள். செயலிழந்த நொதி இரவுக்குள் திரும்பி வந்துவிடாது.

எல்லா மருந்துகளுக்கும் இந்தப் பயம் தேவையில்லை. குடலில் எவ்வளவு இழக்கப்படுகிறதோ அவ்வளவுக்கே சாறு மாற்றம் செய்ய முடியும். நம் ஊரில் லட்சக்கணக்கானோர் சாப்பிடும் அம்லோடிபினில் பாதிக்கு மேல் எப்படியும் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அதனால் சாறு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நேர் எதிர். அதில் மிகச் சிறிய பங்குதான் ரத்தத்தை எட்டும். மூன்று நாள் தினமும் ஒரு டம்ளர் சாறு குடித்தவர்களுக்கு அதன் அளவு மூன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்ததை ஓர் ஆய்வு காட்டியது. அளவு மிஞ்சினால் தசைகள் சிதையத் தொடங்கலாம். காரணமின்றித் தசை வலி, சோர்வு, கறுத்த சிறுநீர் ஆகியவை கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடோர்வாஸ்டாட்டினுக்குப் பாதிப்பு இதைவிடக் குறைவு. ரோசுவாஸ்டாட்டின் இந்த நொதியை நம்பியிருப்பதில்லை.

கிரேப்ஃப்ரூட் நம் சந்தையில் அரிதுதானே என்று கேட்கலாம். ஆனால் அதன் தாய்ப்பழம் நமக்குத் தெரிந்தது: பம்பளிமாஸ். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததே கிரேப்ஃப்ரூட். பம்பளிமாஸிலும் அதே சேர்மங்கள் உண்டு. சாதாரண இனிப்பு ஆரஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. கசப்பு ஆரஞ்சில் உண்டு. சிறுநீரகமோ ஈரலோ மாற்றிக்கொண்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்கள் இந்தப் பழங்களை அறவே தவிர்க்க வேண்டும். அந்த மருந்துகளில் சரியான அளவுக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

சாற்றைக் குடித்துவிட்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் செலவு மிச்சமாகுமே என்ற எண்ணமும் சிலருக்கு வரும். பழத்துக்குப் பழம் சேர்மத்தின் அளவு மாறும், குடலுக்குக் குடல் நொதியின் அளவும் மாறும். இன்று உடலில் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்பதை ரத்தப் பரிசோதனை இல்லாமல் யாராலும் கணிக்க முடியாது.