டெண்டர் மின்னஞ்சலில் கவனிக்க வேண்டிய மூன்று வரிகள்

இரும்பு பெஞ்சு செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஒரு தனியார் கல்லூரி 120 பெஞ்சுகளுக்கு மின்னஞ்சல் வழியாக டெண்டர் கேட்டிருக்கிறது. கடைசி நாள் ஜூன் 20, பிற்பகல் 3 மணி. கடைசி நாளிலிருந்து 60 நாள் விலை மாறக் கூடாது என்பது நிபந்தனை. பட்டறைக்காரர் தகடு விலை, வெல்டிங் கூலி, பெயின்ட், லாரி வாடகை எல்லாம் கூட்டி நல்ல விலை போடுகிறார். ஆனால் அனுப்பும் மின்னஞ்சலில் இருப்பது ஒரே வரிதான்: "கொட்டேஷன் இணைத்துள்ளோம், பார்த்து ஆவன செய்யவும்." விலை சரியாக இருந்தும் டெண்டர் கைநழுவ இது போதும்.

அரசுத் துறை டெண்டர்களில் பெரும்பகுதி இன்று tntenders.gov.in போன்ற தளங்களிலேயே பதிவேற்றப்படுகின்றன. அங்கே மின்னஞ்சலுக்கு இடமில்லை. கல்லூரி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற தனியார் இடங்களில்தான் மின்னஞ்சல் கொட்டேஷன் அதிகம். அங்கே கவரிங் லெட்டரின் வேலையை அந்த மின்னஞ்சலே செய்கிறது.

முதலில் இணைப்புகள். டெண்டர் திறக்கும் அலுவலர் கேட்ட ஆவணங்கள் வந்தனவா என்று ஒவ்வொன்றாக டிக் அடிப்பார். அவருடைய பட்டியலின் வரிசையிலேயே நம் பட்டியலும் இருக்கட்டும்: "1. விலைப்புள்ளி, 2 பக்கம். 2. பெஞ்சின் அளவும் தகட்டின் தடிமனும், 1 பக்கம். 3. ஜிஎஸ்டி பதிவுச் சான்று, 3 பக்கம்." பக்க எண்ணிக்கை எதற்கு என்றால், ஸ்கேன் செய்யும்போது ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் அனுப்பும் முன் நமக்கே தெரிந்துவிடும். கோப்புகளுக்கும் scan0047.pdf என்று பெயர் வைக்காமல் 01_Quotation.pdf என்பதுபோல் அதே எண்ணைக் கொடுக்கலாம்.

அளவையும் பார்க்க வேண்டும். ஜிமெயிலில் 25 எம்பி வரை அனுப்பலாம் என்றாலும், அனுப்பும்போது இணைப்பின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். பெறுகிறவர் சர்வரின் எல்லை இன்னும் குறைவாகவும் இருக்கலாம். பெரிய கோப்பென்று டிரைவ் லிங்க் அனுப்புவதும் ஆபத்து. கடைசி நேரம் கடந்த பிறகும் உள்ளே இருப்பதை மாற்ற முடியும் என்பதால் அதை ஏற்காத அலுவலகங்கள் உண்டு. தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால், மின்னஞ்சலில் விலையை எழுதவே கூடாது. விலைக் கோப்பில் மட்டுமே அது இருக்க வேண்டும்.

அடுத்தது செல்லுபடிக் காலம். என் பார்வையில் மூன்றிலும் இதுதான் கனமானது. "60 நாள்" என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? கொட்டேஷனில் ஜூன் 12 என்று தேதி போட்டு அதிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 11-இல் முடிந்துவிடும். கல்லூரி கேட்டபடி ஜூன் 20-இலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 19. எட்டு நாள் குறைந்ததையே காரணமாகக் காட்டி, நிபந்தனைக்கு உட்படவில்லை என்று ஒதுக்கலாம். ஆகவே, "இந்த விலை ஆகஸ்ட் 19 மாலை 5 மணி வரை செல்லும்" என்று தேதியாகவே எழுதிவிடுங்கள்.

காலமே குறிப்பிடாமல் விடுவது இன்னும் சிக்கல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 6-இன்படி, காலம் சொல்லாத முன்மொழிவு 'நியாயமான காலம்' கழிந்தால் காலாவதியாகும். எது நியாயமான காலம் என்பது தகராறு வந்த பிறகுதான் முடிவாகும். ஏற்பதாகக் கடிதம் புறப்படும் முன்பு விலையைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் டெண்டர் நிபந்தனையில் இருந்தால் கட்டிய முன்வைப்புத் தொகை போய்விடும். தகட்டுக் கடைக்காரர் 15 நாளுக்குத்தான் விலை தருகிறார் என்றால், மீதி நாளுக்கான ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தே 60 நாள் விலை போட வேண்டும்.

மூன்றாவது தொடர்பு நபர். டெண்டர் திறந்த பின், "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு நாளை காலைக்குள் பதில் வேண்டும் என்பார்கள். முதலாளி ஒன்று சொல்லி, கணக்குப்பிள்ளை வேறொன்று சொன்னால் எந்த விலையை எடுப்பது? அதனால் ஒரே ஒருவரின் பெயர், பொறுப்பு, கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி. விலை பற்றிப் பதில் சொல்ல அதிகாரம் உள்ளவராகவும், ஆகஸ்ட் 19 வரை ஊரில் இருப்பவராகவும் அவர் இருக்க வேண்டும். கொட்டேஷனில் கையெழுத்திட்டவர் வேறு ஒருவர் என்றால் அவர் தரும் அதிகாரக் கடிதத்தையும் இணைப்புப் பட்டியலில் சேருங்கள்.

பொருள் வரியில் டெண்டர் எண்ணையும் கடைசித் தேதியையும் எழுதி, ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, கிடைத்ததற்குப் பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 20-ஆம் தேதி காலையிலேயே கொள்முதல் பிரிவுக்குப் போன் செய்து, எத்தனை இணைப்புகள் திறக்கின்றன என்று கேட்டுவிடுங்கள்.