டாஷ்போர்டு திறக்க 40 விநாடி: எங்கே போகிறது நேரம்?

அறுபது கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். காலையில் விற்பனை மேலாளர் டாஷ்போர்டைத் திறக்கிறார். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. படங்கள் முழுதாக வந்து சேர 40 விநாடி ஆகிறது. “சர்வர் ஸ்லோவா இருக்கு சார்” என்கிறார் ஒருவர். “டேட்டா ஜாஸ்தியாயிடுச்சு” என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஊகம்தான். ஊகத்தை நம்பிப் பெரிய சர்வர் வாங்கினாலும் வட்டம் சுற்றுவது நிற்காமல் போகலாம்.

இந்த டாஷ்போர்டு டேப்லோ மென்பொருளில் செய்யப்பட்டது. நான்கு வரைபடங்கள், ஒரு நீளமான அட்டவணை, வலது பக்கம் ஆறு ஃபில்டர்கள். பார்க்க ஒரே பக்கம்தான். ஆனால் ஒவ்வொரு வரைபடமும் தனக்கு வேண்டிய எண்களைத் தரவுத்தளத்திடம் தனியாகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் குவெரி என்று பெயர். ஃபில்டர்களும் தங்கள் பெயர்ப் பட்டியலைக் கேட்டே வாங்குகின்றன. பதில்கள் வந்தபின் அவற்றைப் படமாக வரையும் வேலை இருக்கிறது. 40 விநாடி இவற்றில் எதற்குச் செலவாகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அதற்கான கருவி டேப்லோ டெஸ்க்டாப்பிலேயே இருக்கிறது. Help மெனுவில் Settings and Performance, அதற்குள் Start Performance Recording. அதை அழுத்திவிட்டு டாஷ்போர்டைத் திறந்து, வழக்கமாகத் தொடும் ஃபில்டர் ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டுப் பதிவை நிறுத்த வேண்டும். எந்த வேலை எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் ஓடியது என்பதைப் பட்டைகளாகக் காட்டும் ஒரு புதிய கோப்பு திறக்கும். Executing Query என்ற பட்டை தரவு கேட்ட நேரம். Computing Layout என்பது திரையை அமைத்த நேரம். குவெரி பட்டையைக் கிளிக் செய்தால் தரவுத்தளத்துக்குப் போன கேள்வியின் வாசகமே கீழே தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டேப்லோ ஒரு முறை வாங்கிய பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை திறக்கும்போது வேகமாக வந்துவிட்டால் கோளாறு சரியாகிவிட்டது என்று தோன்றும். F5 அழுத்தி, தரவைப் புதிதாக வாங்க வைத்து அளந்தால்தான் அந்த அளவு உண்மை.

நம் துணிக்கடையின் பதிவில் மிக நீளமான பட்டை ஒரு வரைபடத்துடையது அல்ல, வாடிக்கையாளர் பெயர் ஃபில்டருடையது என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் இது அடிக்கடி நடப்பதுதான். அந்த ஃபில்டர் Only Relevant Values என்ற அமைப்பில் இருக்கிறது. கிளையை மாற்றினால், அந்தக் கிளையில் வாங்கியவர்களின் பெயர்களை மட்டும் காட்டுவதற்காக அது மறுபடி ஒரு குவெரி அனுப்புகிறது. மாதத்தை மாற்றினால் இன்னொன்று. ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட பட்டியலை யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை. அதை Wildcard Match வகைக்கு மாற்றினால், பெயரைத் தட்டச்சு செய்யும் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். பட்டியலே வேண்டாம் என்பதால் அதற்கான குவெரியும் இல்லை.

அடுத்த நீளப் பட்டை, ஆண்டு விற்பனை வரைபடம். அதைக் கிளிக் செய்து பார்த்தால் கேள்வியின் கடைசிப் பகுதி இப்படி இருக்கிறது:

```sql
WHERE YEAR(bill_date) = 2024
```

படிக்க எளிதுதான். ஆனால் பில் தேதிக்குத் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இருந்தாலும், இப்படிக் கேட்டால் பெரும்பாலும் அது பயன்படாது. ஒவ்வொரு பில்லையும் எடுத்து, அதன் ஆண்டைக் கணக்கிட்டு, 2024தானா என்று பார்க்க வேண்டியிருக்கும். டேப்லோவில் ஆண்டைத் தனி மதிப்பாக எடுத்து ஃபில்டராக வைக்கும்போது இப்படிப்பட்ட குவெரி உருவாகிறது. அதற்குப் பதில் தேதி வரம்பாக வைத்தால் கேள்வி இந்த வடிவத்துக்கு வரும்:

```sql
WHERE bill_date >= '2024-01-01'
  AND bill_date <  '2025-01-01'
```

இப்போது தரவுத்தளம் இண்டெக்ஸைப் பிடித்து நேரே ஜனவரிக்குப் போய்விட முடியும். இதே கேள்வியில் இன்னொரு சுமையும் தெரியலாம். தரவு இணைப்பில் யாராவது Custom SQL எழுதி வைத்திருந்தால், டேப்லோ அதை அப்படியே அடைப்புக்குள் போட்டு, தன் கேள்வியை அதைச் சுற்றி எழுதும். உள்ளே ஐந்து அட்டவணைகள் இணைக்கப்பட்டிருந்தால், இரண்டு மட்டும் போதுமான வரைபடத்துக்கும் ஐந்தும் இணைக்கப்படக்கூடும்.

கேள்வியைத் திருத்திய பின்னும் தரவுத்தளம் திணறினால் எக்ஸ்ட்ராக்ட் எடுக்கலாம். தரவின் ஒரு நகலை எடுத்து, .hyper என்ற கோப்பில் நெடுவரிசை வாரியாக அடுக்கி வைப்பது இது. 2018 ஜனவரியில் வந்த டேப்லோ 10.5இலிருந்து புழக்கத்தில் இருக்கும் வடிவம். இணைப்புகள் நிறைந்த அந்தக் கனமான Custom SQL, எக்ஸ்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போது மட்டும் ஓடும். மேலாளர் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் ஓடாது. எக்ஸ்ட்ராக்ட் எடுக்கும் பெட்டியில் Hide All Unused Fields அழுத்தினால், எந்த வரைபடமும் பயன்படுத்தாத நெடுவரிசைகள் நகலில் சேராது.

அதே பெட்டியில் Aggregate data for visible dimensions என்ற தேர்வும் இருக்கிறது. பில் வாரியான வரிகளை நாள் வாரியாகத் தொகுத்தால் கோப்பு வெகுவாகச் சுருங்கும். ஆனால் தொகுத்தபின் “எத்தனை தனித்தனி வாடிக்கையாளர்கள் வாங்கினார்கள்” என்று கேட்க முடியாது. திங்களும் செவ்வாயும் வந்த ஒருவர் இரண்டு நாள் கணக்கிலும் இருப்பார். கூட்டித் தொகை கேட்கும் டாஷ்போர்டுக்கு மட்டும் இது பொருந்தும்.

புதுப்பிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்தப் புதிய வரிகளை மட்டும் சேர்க்கும் முறையை வைத்தால், பில் எண் ஏறு வரிசையில் புதிதாக வந்தவை மட்டுமே உள்ளே வரும். போன வாரத்துப் பில்லில் ஒரு சேலை திரும்பி வந்து, அந்த வரியிலேயே தொகை திருத்தப்பட்டிருந்தால் எக்ஸ்ட்ராக்டுக்கு அது தெரியாது. அதனால்தான் தினமும் புதியவற்றைச் சேர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைப் பலர் வைத்துக்கொள்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் Computing Layout பட்டை அப்படியே நீளமாக நின்றால், குற்றம் திரையில் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டால் அதைத் தொட முடியாது. டேப்லோ டெஸ்க்டாப்பில் ஷீட்டின் கீழ் இடது மூலையில் marks என்று ஓர் எண் தெரியும். திரையில் வரைய வேண்டிய புள்ளி, கோடு, எண் எல்லாவற்றின் எண்ணிக்கை அது. நம் அட்டவணையில் 60 கிளைகள், 365 நாட்கள், ஐந்து அளவுகள்: பெருக்கினால் 1,09,500. திரையில் ஒரே நேரத்தில் முப்பது, நாற்பது வரிகள்தான் தெரியும். மீதிக்கும் கணக்குப் போட்டாக வேண்டும்.

கிளைக்கும் மாதத்துக்கும் ஒரே எண் என்று சுருக்கினால் 720 போதும். நாள் விவரத்தைத் தனி ஷீட்டாக வைத்து, கிளையைக் கிளிக் செய்தால் அது நிரம்பும்படி ஃபில்டர் ஆக்‌ஷன் அமைக்கலாம். தேர்வை நீக்கினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் Exclude all values என்பதைத் தேர்ந்தெடுத்து, கிளிக் செய்து தேர்வை ஒருமுறை நீக்கிவிட்டுச் சேமித்தால், யாரும் கிளிக் செய்யும்வரை அந்த ஷீட் வெறுமையாக இருக்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பதிவை மறுபடி எடுப்பது அவசியம். மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் எது உதவியது என்று தெரியாது. டெஸ்க்டாப்பில் வேகமாகவும் சர்வரில் மெதுவாகவும் இருந்தால் பதிவை அங்கேயே எடுக்க வேண்டும். நிர்வாகி அந்தத் தளத்தில் அனுமதியை இயக்கியபின், முகவரியில் `:record_performance=yes` சேர்த்துத் திறந்தால் அதே பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு கிளை மேலாளரும் தன் கிளையை மட்டும் பார்க்கும்படி பயனர் ஃபில்டர் வைத்திருந்தால் இது இன்னும் முக்கியம். ஒருவருக்காக வாங்கி வைத்த பதில் மற்றவருக்கு உதவாது. காலை ஒன்பதரைக்கு அறுபது பேரும் திறந்தால் சர்வர் அறுபது பேருக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.