வளைவை விட்டு விலகும் புள்ளிகள்

கல்லூரி உயிர்வேதியியல் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் முடிவுரைக்கு முன்னால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "செய்முறையில் ஏற்பட்ட மனிதத் தவறுகளால் முடிவுகள் சற்று மாறுபட்டிருக்கலாம்." எந்தப் புள்ளி மாறுபட்டது, மேலேயா கீழேயா, எவ்வளவு என்று ஒன்றும் இருக்காது. மதிப்பெண் போடுகிறவரும் படிக்காமலே டிக் அடித்துவிட்டுப் போவார். நொதியின் வேகத்தை அளக்கும் சோதனைக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். அந்தச் சோதனையில் வளைவோடு ஒட்டாத புள்ளிகளிடம்தான் விஷயம் இருக்கிறது.

அல்கலைன் பாஸ்பட்டேஸை எடுத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. என்று வருகிறதே, அதே நொதி. இதற்குத் தளப்பொருளாகக் கொடுப்பது பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற நிறமில்லாத சேர்மம். நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்ததும் மிஞ்சுகிற பாரா நைட்ரோபீனால், காரக் கரைசலில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும். ஏழு சோதனைக் குழாய்களில் ஏழு விதமான தளப்பொருள் செறிவு. எல்லாவற்றிலும் நொதி ஒரே அளவு. பத்து நிமிடம் கழித்து சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி வினையை நிறுத்திவிட்டு, 405 நானோமீட்டரில் மஞ்சளின் அடர்த்தியை அளக்கிறார்கள். உண்டான விளைபொருளைப் பத்தால் வகுத்தால் ஒரு நிமிட வேகம் கிடைக்கும்.

தளப்பொருள் கூடக்கூட வேகமும் கூடும். ஆனால் நொதி மூலக்கூறுகளுக்கெல்லாம் கை நிறைய வேலை வந்த பிறகு, மேலும் ஊற்றினாலும் வேகம் அதிகம் ஏறாது. முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு படுத்துக்கொள்ளும் இந்த வளைவின் சமன்பாடு இது:

```
v = Vmax × S / (Km + S)
```

S தளப்பொருளின் செறிவு. Vmax நொதி எட்டக்கூடிய உச்ச வேகம். அந்த உச்சத்தில் பாதி வேகம் எந்தச் செறிவில் கிடைக்கிறதோ, அதுதான் Km.

இனி ஒரு கணக்கு. கைநடுக்கமோ கருவிக் கோளாறோ துளியும் இல்லாத சோதனை என்று வைத்துக்கொள்வோம். நொதியின் உண்மையான Km 0.20 மில்லிமோலார், Vmax நிமிடத்துக்கு 10 மைக்ரோமோலார். செறிவுகள் 0.05, 0.1, 0.2, 0.5, 1, 2, 5 மில்லிமோலார். சமன்பாட்டின்படி முதல் குழாயின் வேகம் 2.0 இருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிட முடிவில் அந்தக் குழாயில் சேர்ந்திருக்கும் விளைபொருள் 17 மைக்ரோமோலார்தான். வகுத்தால் 1.7. மற்றவை வரிசையாக 3.0, 4.7, 7.0, 8.3, 9.1, 9.6.

முதல் குழாயில் 0.3 எங்கே போயிற்று? அதில் இருந்த தளப்பொருளே மொத்தம் 50 மைக்ரோமோலார். பத்து நிமிடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்துவிட்டது. தீரத் தீர வேகமும் தளர்ந்தது. மாணவர் அளந்தது தொடக்க வேகத்தை அல்ல, தளர்ந்துகொண்டே வந்த வேகத்தின் சராசரியை. ஏழாவது குழாயில் தீர்ந்தது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அதனால் அங்கே பாதிப்பு தெரியவில்லை.

1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும் மாட் மென்டனும் ஈஸ்டின் இன்வெர்டேஸ் நொதியை வைத்துச் சர்க்கரை உடைவதை அளந்தபோது கறாராகப் பிடித்துக்கொண்டது இந்தத் தொடக்க வேகத்தைத்தான். சமன்பாட்டை அவர்களுக்குப் பத்தாண்டு முன்பே விக்டர் ஆன்ரி எழுதிவிட்டார். ஆனாலும் அவர்கள் பெயர் நின்றதற்கு, அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொண்டு வினையின் ஆரம்பத்தையே அளந்த அந்த ஒழுங்கு ஒரு காரணம்.

இந்த ஏழு எண்களை மாணவர் என்ன செய்வார்? பெரும்பாலும் 1934இல் லைன்வீவரும் பர்க்கும் காட்டிய வழியில், இரண்டு பக்கமும் தலைகீழாக்கி (1/v, 1/S) நேர்கோடு போடுவார். கோடு அழகாக விழும். R² 0.999 வரும். ஆனால் கோடு தருகிற Km 0.26, உண்மையைவிடக் கால்வாசிக்கு மேல் அதிகம். தலைகீழாக்கும்போது மிகச் சிறிய எண்தான் மிகப் பெரியதாகிறது. கெட்டுப்போன முதல் புள்ளி வரைபடத்தின் தொலைகோடியில் போய் உட்கார்ந்துகொண்டு மொத்தக் கோட்டையும் தன் பக்கம் சாய்த்துவிடுகிறது. R² அதைக் காட்டிக்கொடுக்காது.

தலைகீழாக்காமல் வளைவையே நேரடியாகப் பொருத்துவது மேல். எக்செல் போதும். A பத்தியில் செறிவு, B பத்தியில் அளந்த வேகம், F1இல் Vmaxக்கும் F2இல் Kmக்கும் உத்தேச மதிப்பு. C பத்தியில் இந்தச் சூத்திரம்:

```
=$F$1*A2/($F$2+A2)
```

Bக்கும் Cக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி F1, F2 இரண்டையும் மாற்றச் சொல்லி Solverஐ ஓட்டினால் Km 0.23 என்று வருகிறது. தேவலை, ஆனாலும் சரியில்லை. சரியில்லை என்பதைச் சொல்லித் தருவது வித்தியாசங்களின் வரிசை: −0.10, −0.06, 0, +0.08, +0.09, +0.04, −0.06. கைப்பிழை என்றால் கூட்டலும் கழித்தலும் கலந்துகட்டி வரும். இங்கே இரு ஓரமும் கீழே, நடு மேலே என்று ஒழுங்காக வளைந்து நிற்கிறது. சமன்பாடு எதிர்பார்க்காத ஏதோ ஒன்று குழாயில் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகத்தைச் சோதிக்க வழி எளிது. முதல் குழாயையே இன்னொரு தடவை போட்டு ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்த வேண்டும். வேகம் சீராக இருந்திருந்தால் பத்து நிமிட அளவு அதைப் போல இரு மடங்காக இருக்கும். நம் கணக்கில் ஐந்து நிமிடத்தில் 9.2, இரு மடங்கு 18.4 வர வேண்டிய இடத்தில் 17 வந்திருக்கிறது. நிஜ சோதனையில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகலாம், ஏனென்றால் வெட்டுப்பட்டு வெளியேறும் பாஸ்பேட் இந்த நொதியையே தடுக்கும் குணமுள்ளது.

நொதியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் தீர்ந்துபோகும் சிக்கல் போய்விடும். முதல் குழாயில் நான்கு சதவீதம்தான் செலவாகும். ஆனால் உண்டாகும் மஞ்சளும் 2 மைக்ரோமோலாராகச் சுருங்கி, கருவியில் 0.035 என்ற அளவில் தெரியும். கல்லூரிக் கலரிமீட்டரில் அந்த எண்ணை நம்ப முடியாது. இதற்கும் அதற்கும் நடுவே ஓர் அளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மேல் ஓரத்தில் வரும் விலகல் வேறு ஜாதி. சில நோட்டுகளில் வளைவு படுக்காமல் 2, 5 மில்லிமோலாரிலும் ஏறிக்கொண்டே போகும். பழைய தளப்பொருள் பாட்டிலிலேயே கொஞ்சம் சிதைந்து மஞ்சளாகியிருக்கும். அதிகம் ஊற்றிய குழாயில் அந்த மஞ்சளும் அதிகம் சேரும். தளப்பொருளே இல்லாத ஒரே பிளாங்கை எல்லாவற்றுக்கும் கழித்தவர் அதையும் நொதியின் கணக்கில் எழுதிவிடுவார். ஒவ்வொரு செறிவுக்கும் நொதியில்லாத பிளாங்க் தனியாக வைத்தால் விஷயம் வெளிவரும்.

மாறாக, கடைசிப் புள்ளி முந்தையதைவிடக் கீழே இறங்கினால் தளப்பொருளே நொதியைத் தடுக்கிறதா என்று கேட்கலாம். நரம்புகளில் வேலை செய்யும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் இதற்குப் பேர்போனது. ஒரே ஒரு புள்ளி இறங்கியதை வைத்து அப்படி எழுதிவிட முடியாது. 5 மில்லிமோலாருக்கு மேலும் இரண்டு மூன்று செறிவுகளில் அளந்து, இறக்கம் தொடர்ந்தால்தான் எழுதலாம். அளக்க நேரமில்லை என்றால், அந்தப் புள்ளியைச் சேர்த்தும் விட்டும் வளைவைப் பொருத்தி, இரண்டு Kmஐயும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.