கொடுமுடியில ஒரு நில புரோக்கர் ஆபீஸ்: கமிஷனை யாருக்கு, எவ்வளவு, எப்போ பிரிக்கிறது?

போன வாரம் பேசின எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சுல இருந்த "அதாவது", "வந்து" எல்லாத்தையும் எடிட் பண்ணிட்டேன். கணக்கு மட்டும் அப்படியே இருக்கு.

எங்க மாமா கொடுமுடியில ஒரு சின்ன ரியல் எஸ்டேட் ஆபீஸ் வச்சிருக்கார். அவரைச் சேர்த்து நாலு பேர். ஊர் ஊரா சுத்தி யார் நிலம் விக்கிறாங்கன்னு தெரிஞ்சுட்டு வர்ற ஒரு பெரியண்ணன். பைக்குல பார்ட்டியைக் கூட்டிட்டுப் போய் இடம் காட்டி, பேசி முடிக்கிற ஒரு தம்பி. வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் பார்க்கிற ஒரு அக்கா. அப்புறம் மாமா.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மாமா கேட்டார்: "மாப்ள, நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவன்தான? பசங்களுக்கு கமிஷனை 30லருந்து 40 ஆக்கலாம்னு இருக்கேன். சரியா வருமா பாரு." நான் பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். மூணு நாள் ஆச்சு.

கசிவு எங்கே?

முதல்ல பழைய விதி. ஒரு கிரயம் முடிஞ்சா, ஆபீஸுக்கு வர்ற கமிஷன்ல 30 சதவீதம் பேசி முடிச்சவருக்கு. இடத்தைக் கொண்டு வந்தவருக்குத் தனியா ஒண்ணும் கிடையாது. அக்காவுக்குச் சம்பளம் மட்டும்.

இதுல என்ன தப்புன்னு எனக்கு உடனே தெரியல. ஒரு தென்னந்தோப்பு கதையைக் கேட்ட பிறகுதான் புரிஞ்சுது. ஊஞ்சலூர் பக்கம் ஒரு தோப்பு, 50 லட்சம் விலை. விக்கப் போறாங்கன்னு பெரியண்ணனுக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா அவர் ஆபீஸ்ல சொல்லவே இல்ல. சொன்னா தம்பி ஒரு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்து முடிச்சுடுவான், 30 சதவீதமும் அவனுக்கே போயிடும். அதனால தானே ஒரு பார்ட்டி தேடிக்கலாம்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டார். ரெண்டு மாசம் ஆச்சு. தோப்புக்காரர் சலிச்சுப் போய் வேற புரோக்கர்கிட்ட கொடுத்துட்டார். அங்க பதினஞ்சே நாள்ல முடிஞ்சுது.

மாமா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சதவீதம் வாங்குறவர். அப்படிப் பார்த்தா அந்த ஒரு தோப்புல ஆபீஸுக்குப் போனது 1 லட்சம்.

பெரியண்ணன் மேல கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல. விதி அவரை மறைக்கத்தான் சொல்லுது. உங்க டீம்லயும் இது நடக்குதான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. போன வருஷம் முடிஞ்ச கிரயங்களை எடுத்து, ஒவ்வொண்ணுலயும் இடம் கொண்டு வந்தவர் யாரு, வாங்குறவரைக் கொண்டு வந்தவர் யாருன்னு ரெண்டு காலம் போடுங்க. ஏறக்குறைய எல்லாத்துலயும் ரெண்டும் ஒரே பேரா இருந்தா, உங்க ஆபீஸ் ஒரு டீம் இல்ல. ஒரே வாடகை ரூம்ல உக்காந்திருக்கிற தனித்தனி புரோக்கர்கள்.

40 சதவீதம் ஏன் முடியாது?

எண்களைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணிக்கிறேன். வருஷத்துக்கு 24 கிரயம். ஒரு கிரயத்துக்கு சராசரியா 50,000 கமிஷன். மொத்தம் 12 லட்சம்.

மாசாமாசம் கிரயம் முடிஞ்சாலும் முடியாட்டியும் போற செலவு இது: அக்கா சம்பளம் 14,000, தம்பிக்கும் பெரியண்ணனுக்கும் ஆளுக்கு 8,000, வாடகை, பெட்ரோல், போன், கரண்ட் எல்லாம் சேர்த்து 15,000. ஆக 45,000. வருஷத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். வர்ற ஒவ்வொரு நூறு ரூபாய்லயும் 45 ரூபாய் இதுக்கே போயிடுது.

மீதி 55 ரூபாய்ல 30 ரூபாய் கமிஷனாப் போனா, முதலாளிக்கு 25. அதாவது 3 லட்சம். 40 ஆக்கினா அவருக்கு மிஞ்சறது 15, வருஷத்துக்கு 1.8 லட்சம். மாசம் 15,000. கடையை நடத்துறவருக்கு அக்கா சம்பளத்தைவிட ஆயிரம் ரூபாய்தான் அதிகம். ஆடி, மார்கழியில யாரும் கிரயம் பண்ண மாட்டாங்க. அந்த மாசங்கள்லயும் 45,000 கையிலிருந்து போகும். அதைத் தாங்க முதலாளிகிட்ட ஒரு கையிருப்பு இருந்தே ஆகணும்.

முக்கியமா, 40 கொடுத்தாலும் அந்தத் தோப்பு திரும்பி வராது. முடிக்கிறவருக்கு இன்னும் அதிகம்னா, பெரியண்ணன் இன்னும் நல்லா மறைப்பார். பிரச்சினை அளவுல இல்ல, பிரிக்கிற இடத்துல.

புது விதி

அதே 30 சதவீதத்தை எடுத்து ரெண்டா உடைச்சோம். வாங்குறவரைக் கொண்டு வந்து முடிச்சவருக்கு 18. இடத்தைக் கொண்டு வந்தவருக்கு 12. 50,000 கமிஷன்னா 9,000, 6,000. ரெண்டும் ஒரே ஆள்னா முழு 15,000 அவருக்கே, பழைய மாதிரியே. மாமாவும் இதுல ஒரு ஆள்தான். அவர் கொண்டு வந்தா அவர் பங்கு அவருக்கு.

இப்போ தோப்பைப் பத்தி ஆபீஸ்ல சொன்ன அன்னைக்கே பெரியண்ணனுக்கு 12,000 எழுதி வச்ச மாதிரி. யார் முடிச்சாலும் அது அவருக்குத்தான்.

இதுல சண்டை வர்ற இடம் "கொண்டு வந்தவர்" யாருங்கிறதுதான். ஒரே பார்ட்டி மூணு பேர்கிட்டயும் போன்ல பேசியிருப்பாங்க. அதனால ஒரு கூகுள் ஷீட் போட்டோம். இடத்தை முதல்ல விவரத்தோட பதிஞ்சவர் கொண்டு வந்தவர். பார்ட்டியை முதல்ல நேர்ல கூட்டிட்டுப் போய் இடம் காட்டி, அன்னைக்கே பதிஞ்சவர் முடிக்கிறவர். அந்த உரிமை 60 நாளைக்குத்தான். அதுக்கப்புறமும் நகரலைன்னா யார் வேணா எடுத்துக்கலாம். போன்ல பேசினதுக்கெல்லாம் கணக்கு இல்ல.

அக்காவுக்கு ஏன் சதவீதம் கொடுக்கலை?

அக்காவுக்கும் ஒரு 6 சதவீதம் கொடுத்துடலாம்னுதான் நான் முதல்ல எழுதினேன். நியாயமாத்தான் தெரிஞ்சுது. அக்காவே வேண்டாம்னு சொன்னாங்க. "கிரயம் ஆனாத்தான் எனக்குக் காசுன்னா, பத்திரத்துல ஒரு வாரிசு கையெழுத்து இல்லைன்னு தெரிஞ்சாலும் நான் எப்படிங்க தம்பி வாயைத் திறப்பேன்?"

அதுதான் இந்த மொத்த டிசைன்லயும் நான் கத்துக்கிட்ட பெரிய விஷயம். "இது வேண்டாம்"னு சொல்ல வேண்டியவருக்கு, "சரி"ன்னு சொன்னா மட்டும் காசு கிடைக்கக் கூடாது. சாஃப்ட்வேர்ல சொன்னா, டெஸ்ட் பண்றவருக்கு ரிலீஸ் ஆனாத்தான் போனஸ்னு வைக்கிற மாதிரி.

அதனால அக்காவுக்கு ஒரு பைலுக்கு 2,000. பார்த்து முடிச்சுட்டு நல்லா இருக்குன்னாலும் 2,000, வில்லங்கம் இருக்குன்னாலும் 2,000. வருஷத்துக்கு 36 பைல் பார்த்து 24 கிரயம் ஆகுதுன்னு வச்சா 72,000. 12 லட்சத்துல அது அதே 6 சதவீதம்தான். செலவு மாறலை, அவங்களுக்கு இருந்த அழுத்தம் மாறிடுச்சு.

மாமாவுக்கு இந்த மாற்றத்தோட கூடுதல் செலவு இந்த 72,000 மட்டும்தான். 3 லட்சம் 2.28 லட்சமா குறையும். ஆனா போன தோப்பு வந்திருந்தா, பங்கெல்லாம் கொடுத்த பிறகும் ஆபீஸுக்கு 68,000 நின்னிருக்கும். வருஷத்துக்கு அப்படி ஒரு இடம் வெளியே வந்தாலே கணக்கு ஏறக்குறைய சரியாயிடும்.

எப்போ கொடுக்கிறது?

முன்னாடி அட்வான்ஸ் போட்ட அன்னைக்கே பாதிப் பங்கைக் கொடுத்துடுவாங்க. அட்வான்ஸுக்குக் காசுன்னா, கிரயம் ஆகாதுன்னு தெரிஞ்ச பார்ட்டிகிட்டயும் அட்வான்ஸ் வாங்கத்தான் தோணும். அக்ரிமெண்ட் முறிஞ்சா கொடுத்த காசைத் திருப்பிக் கேக்கணும். அது பெட்ரோலாவும் ஸ்கூல் ஃபீஸாவும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். புது விதி: கிரயம் பதிவாகி, ஆபீஸ் கைக்கு கமிஷன் வந்த ஏழு நாளுக்குள்ள. அட்வான்ஸ் அன்னைக்கு ஒண்ணும் இல்ல.

யாருக்கு நஷ்டம்?

தம்பிக்கு. இதை மறைக்கக் கூடாது. போன வருஷம் அவன் 10 கிரயம் முடிச்சு 1.5 லட்சம் வாங்கினான். அந்த பத்துல மூணு இடம் அவனே கொண்டு வந்தது. புது விதியில முடிச்சதுக்கு 90,000, இடத்துக்கு 18,000, ஆக 1.08 லட்சம். 42,000 குறைவு. கல்யாணத்துக்குக் கடன் வாங்கினவன் அவன்.

"அண்ணா, நான் ஓடுன ஓட்டத்துக்கு இதானா?"ன்னு மாமாகிட்ட கேட்டான். நியாயமான கேள்வி. பதில் ரெண்டு. முதல் ஆறு மாசத்துக்கு, பழைய விதியில அவனுக்கு எவ்வளவு வந்திருக்குமோ அதுக்குக் குறைஞ்சா மாமா மீதியைப் போட்டுக் கொடுப்பார். போன வருஷக் கணக்குப்படி அது 21,000 வரைக்கும் வரும். ரெண்டாவது, பெரியண்ணனோட நோட்டு திறந்தா அவனுக்குக் காட்ட இடம் கூடும். இன்னொரு அஞ்சு கிரயம் கூடினா பழைய வருமானத்தைத் தாண்டிடுவான். கூடலைன்னா ஆறு மாசத்துல விதியைத் திரும்பவும் பிரிச்சுப் பார்க்கணும்னு எழுதியே வச்சிருக்கோம்.

எந்த விதியாலயும் சரி பண்ண முடியாதது

அமெரிக்காவுல லெவிட், சிவர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சிகாகோ பக்கம் நடந்த வீட்டு விற்பனைகளைப் பார்த்து, 2008ல ஒரு ஆய்வுக்கட்டுரை போட்டாங்க. ஏஜென்டுகள் தங்களோட சொந்த வீட்டை விக்கும்போது மத்தவங்க வீட்டைவிட சுமார் 3.7 சதவீதம் அதிக விலைக்கு விக்கிறாங்க, சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாக் காத்திருக்கிறாங்க. நம்ம கணக்குல அதைப் பாருங்க. விக்கிறவர் இன்னும் காத்திருந்தா 1 லட்சம் கூட வரும்னு வைங்க. ஆபீஸுக்குக் கூடுறது 2,000. தம்பிக்கு 18 சதவீதம், 360 ரூபாய். அதுக்காக அவன் இன்னொரு பத்து நாள் அலைவானா? மாட்டான். "இதுக்கு மேல வராதுங்க, கொடுத்துடுங்க"ன்னுதான் சொல்வான். நீங்க நிலம் விக்கப் போறவரா இருந்தா, புரோக்கரோட அவசரத்தை இந்த 360ஐ நினைச்சுக்கிட்டு கேளுங்க.

இன்னொண்ணு. இது தனி ஆள்கிட்ட இருந்து தனி ஆளுக்குப் போற விற்பனைக்கு மட்டும். ரெரா பதிவு பெற்ற மனைப்பிரிவுல சைட் வித்துக் கொடுக்கணும்னா புரோக்கரும் ரெராவுல பதிவு பண்ணியிருக்கணும். அங்க கமிஷனைப் பெரும்பாலும் மனை போட்டவரே முடிவு பண்ணுவார், கணக்கே வேற.

ஷீட் ஆரம்பிச்ச முதல் வாரம் பெரியண்ணன் நோட்டை எடுத்துட்டு வந்து அக்கா முன்னாடி வச்சார். பதினோரு இடம் இருந்துது. மாமா ஒண்ணும் பேசல, டீ சொல்லிவிட்டார். தம்பி அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு இடத்தைப் பார்க்கக் கிளம்பிட்டான். ஆறு மாசக் கணக்கு ஆடியில முடியும். அப்போ மறுபடி பேசலாம்.