பொங்கல் வாரமும் வெள்ளிக்கிழமைக் கூலியும்

2026-இல் தைப் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் திருவள்ளுவர் தினம், அதற்கடுத்த சனிக்கிழமை உழவர் திருநாள். கோவையிலும் சென்னையிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் அலுவலகங்களில் புதன்கிழமை போகியன்று மதியத்துக்கு மேல் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும். ஊருக்குப் போக அன்றைக்கு விட்டால் வேறு பஸ் கிடைக்காது. ஆனால் இங்கிலாந்தில் அது பண்டிகை இல்லாத சாதாரண வாரம். அங்கே ஒரு தொழிற்சாலையில் வாரக்கூலிக்கு வேலை செய்பவருக்கு வெள்ளிக்கிழமை காலை வங்கிக் கணக்கில் கூலி ஏறியாக வேண்டும். வீட்டு வாடகையும் கடன் தவணையும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன.

அந்தக் கூலியைக் கணக்குப் போட்டு அனுப்பும் வேலை கோவையில் நடக்கிறது என்றால், அந்த அலுவலகத்தின் மேலாளர் பொங்கலுக்கு முன்பு தன் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்: “பண்டிகையை முன்னிட்டு ஜனவரி 15, 16 தேதிகளில் எங்கள் அலுவலகம் குறைந்த ஊழியர்களுடன் இயங்கும். அவசர விஷயங்களுக்கு எங்கள் குழுவைத் தொடர்புகொள்ளவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

இதில் பொய் ஒன்றுமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனாலும் இந்த மடலை நம்பினால் வெள்ளிக்கிழமை கூலி போகாது. காரணம் தெரிய வேண்டுமானால் அங்கே கூலி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் சம்பளம் பெரும்பாலும் ‘பேக்ஸ்’ என்ற வங்கி முறையில்தான் போகிறது. அதற்கு மூன்று வேலை நாள் பிடிக்கும். முதல் நாள் யாருக்கு எவ்வளவு என்ற கோப்பைக் கணினி வழியே ஏற்ற வேண்டும். இரண்டாம் நாள் வங்கிகள் அதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் காலையில் பணம் கணக்கில் ஏறும். வெள்ளிக்கிழமை கூலி என்றால் கோப்பு புதன்கிழமையே ஏறியிருக்க வேண்டும். வியாழனன்று ஏற்றினால் இடையில் சனி, ஞாயிறு வருவதால் பணம் திங்கட்கிழமைதான் சேரும். ஆக, அலுவலகம் மூடியிருக்கும் வியாழனும் வெள்ளியும் இந்த வேலையில் அவ்வளவு முக்கியமான நாட்களே அல்ல. எல்லாம் தொங்குவது போகியன்று. மேலே சொன்ன மடலோ போகியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் இங்கிலாந்தில் உணவுப் பொருள் பொதியும் ஆலை, வாரக்கூலிக்காரர்கள் 180 பேர். வழக்கமாக ஆலையின் சம்பளப் பொறுப்பாளர், யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற பட்டியலைச் செவ்வாய் மாலை 5 மணிக்கு அனுப்புவார். ஜனவரியில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். நமக்கு அது இரவு 10.30. கோவைக் குழு புதன்கிழமை காலை உட்கார்ந்து கணக்குப் போட்டு, வரைவை மதியம் அனுப்பும். அவர் சரிபார்த்துச் சம்மதம் சொன்னதும் மாலையில் கோப்பு ஏறும்.

பொங்கல் வாரத்தில் இதே வழக்கத்தில் போனால் என்ன ஆகும்? பட்டியல் செவ்வாய் இரவு வந்து கிடக்கிறது. புதன்கிழமை நால்வர் செய்ய வேண்டிய வேலைக்கு இருவர்தான் இருக்கிறார்கள். வரைவு தாமதமாகப் போகிறது. அந்தப் பொறுப்பாளருக்கு அவசரம் எதுவும் தெரியாது. வழக்கம்போல வேறு வேலையெல்லாம் முடித்துவிட்டு அவர்கள் நேரம் பிற்பகல் 3 மணிக்குச் சம்மதம் அனுப்புகிறார். கோவையில் அப்போது இரவு 8.30. அலுவலகம் ஆறரைக்கே பூட்டியாகிவிட்டது. 180 பேருக்குக் கூலி திங்கட்கிழமை.

அதனால் இந்த மடலில் முதலில் நிற்க வேண்டியது நாம் எப்போது இருக்க மாட்டோம் என்ற தகவல் அல்ல, அவர்கள் எதை எவ்வளவு முன்னதாகச் செய்ய வேண்டும் என்பதுதான். கூலி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் அந்த நேரங்கள் தாமாகக் கிடைத்துவிடும். வாரம் ஞாயிறோடு முடிவதால் வேலை நேரப் பட்டியலைச் செவ்வாய் காலையிலேயே கேட்பதில் தவறில்லை. மாதச் சம்பளமாக இருந்தால் தொகை முன்பே தெரியும்; பேக்ஸ் கோப்பைப் பின்தேதியிட்டு ஒரு வாரம் முன்னாலேயே ஏற்றிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போகலாம். வாரக்கூலியில் அந்த வசதி கிடையாது.

மடல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் உடல் பகுதி தமிழில் இப்படி அமையும்:

“ஜனவரி 16, வெள்ளிக்கிழமைக் கூலி வழக்கம்போல அன்று காலையே கணக்கில் சேரும். அதற்கு இந்த ஒரு வாரம் மட்டும் உங்களிடமிருந்து இரண்டு விஷயங்கள் முன்னதாகத் தேவை. வேலை நேரப் பட்டியல் 13-ஆம் தேதி செவ்வாய் காலை 10 மணிக்குள் வர வேண்டும். வரைவை அன்று மாலை 4 மணிக்கு அனுப்புவோம். உங்கள் சம்மதம் 14-ஆம் தேதி புதன் காலை 10 மணிக்குள் வர வேண்டும். பகல் 12 மணிக்குள் கோப்பை ஏற்றிவிட்டு, ஏறியது என்று உங்களுக்கு எழுதுவோம். எல்லா நேரமும் உங்கள் நேரப்படி.

“எங்கள் ஊரில் அறுவடைத் திருநாள் என்பதால் புதன் பகல் 1 மணிக்கு அலுவலகம் மூடும். வியாழனும் வெள்ளியும் காலை 9 முதல் 1 மணி வரை எங்கள் மூத்த ஊழியர் ஒருவர் பணியில் இருப்பார். உங்கள் கணக்கை இரண்டு ஆண்டாகப் பார்ப்பவர் அவர். அவர் கிடைக்காவிட்டால் என்னை அழையுங்கள். இருவரின் நேரடி எண்களும் கீழே. 19-ஆம் தேதி திங்கள் முதல் எல்லாம் பழையபடி.

“இந்த ஏற்பாடு உங்களுக்குச் சரி வருமா என்று 19 டிசம்பருக்குள் ஒரு வரி எழுதுங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதை நான் மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தில் ‘பிரிட்டன் வேலை நாள் எல்லாம் சேவை உண்டு’ என்று எழுதியிருந்தால், சேவை நேரத்தைக் குறைப்பது நாம் அறிவித்துவிட்டுப் போகிற விஷயமல்ல. அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் எழுத்தில். ஆண்டுத் தொடக்கத்திலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விடுமுறைப் பட்டியல் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் பதில் வராத மடலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன் செய்து கேட்க வேண்டும்.

டிசம்பர் 19 என்று தேதி போட்டதற்கும் காரணம் உண்டு. அடுத்த வாரம் அங்கே கிறிஸ்துமஸ். 25, 26 தேதிகளும் ஜனவரி 1-உம் வங்கி விடுமுறை. இடைப்பட்ட நாட்களில் பலர் அலுவலகம் வர மாட்டார்கள். அந்தச் சமயம் போகும் மடல் நூறு மடல்களுக்கு அடியில் போய்விடும். டிசம்பர் இரண்டாம் வாரம் முதல் மடலை அனுப்பி, அவர்கள் திரும்பி வரும் ஜனவரி 5-ஐ ஒட்டி இரண்டு நேரங்களை மட்டும் நினைவுபடுத்தினால் சரியாக இருக்கும்.

இனி, பொறுப்புக்கு ஒருவர் இருப்பார் என்ற வாக்கு. இதில்தான் நல்ல மேலாளர்கள்கூட இடறுகிறார்கள். ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவர் கையில் அதிகாரமும் இருக்க வேண்டும். பேக்ஸ் கோப்பை ஏற்றப் பல அலுவலகங்களில் ஸ்மார்ட் கார்டு பயன்படுகிறது. அது ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரில் வங்கி வழியாக வருவது, அதற்கான ரகசிய எண்ணும் அவருக்கு மட்டுமே. கார்டுக்காரர் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டால், பொறுப்பில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கோப்பு ஏறாது. கார்டை மேசை இழுப்பறையில் வைத்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தணிக்கையில் பிடிபட்டால் அது தனி வழக்கு. முறையான வழி, மாற்று ஆளின் பெயரிலேயே கார்டு வாங்கி வைப்பது. அது வந்து சேர நாளாகும் என்பதால் நவம்பரிலேயே கேட்டுவிட வேண்டும். முந்தைய வாரக் கோப்பை அவரையே ஏற்றச் சொல்லிப் பார்த்தால் கார்டு வேலை செய்கிறதா என்ற சந்தேகமும் தீர்ந்துவிடும்.

வியாழன், அதாவது பொங்கலன்று, அவர் செய்ய வேண்டிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. கோப்பு ஏறிய பிறகு பேக்ஸ் ஓர் அறிக்கை தரும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். நம் பட்டியலில் 180 பேரும் அறிக்கையில் 179 பேரும் இருந்தால் ஒருவர் விடுபட்டுவிட்டார் என்று அன்றே தெரிந்துவிடும். வெள்ளி காலைக்கு முன் அவருக்கு மட்டும் ‘ஃபாஸ்டர் பேமென்ட்ஸ்’ என்ற உடனடி முறையில் பணம் அனுப்ப நேரம் இருக்கிறது. 180 பேருக்கும் அப்படியே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். வங்கி ஒரு நாளைக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் பிடிக்கும் கட்டணமும் இடிக்கும். விடுபட்ட ஓரிருவருக்குத்தான் அது சரிப்படும். யாருடைய வங்கிக் கணக்காவது மூடியிருந்தால் பணம் திரும்பி வரும். அதைப் பார்க்கவும் வெள்ளியன்று ஆள் வேண்டும்.

இதை வைத்தே ‘அவசரம்’ என்பதற்கு மடலில் பொருள் சொல்லிவிடலாம். கூலி வராதவர், தவறான தொகை போனவர், பிரிட்டன் வருவாய்த் துறை அறிக்கையை ஏற்காமல் திருப்பியது — இந்த மூன்றுக்கும் அன்றே பதில். சம்பளச் சீட்டு நகல், ஓய்வூதியப் பிடித்தம் பற்றிய கேள்வி, புது ஆள் சேர்ப்பது எல்லாம் திங்கட்கிழமை. அவசரம் எது என்று சொல்லாமல் விட்டால் ஒருவர் சம்பளச் சீட்டுக்குப் பத்து முறை அழைப்பார். இன்னொருவர், கூலி வராத தொழிலாளி எதிரே நின்றுகொண்டிருக்க, பண்டிகையில் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று திங்கள் வரை பொறுத்திருப்பார். இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வருவாய்த் துறைக்கான அறிக்கையும் கூலி நாளன்றோ அதற்கு முன்போ போய்ச் சேர வேண்டும் என்பது அங்கே சட்டம். அதைப் புதன்கிழமை கோப்போடு சேர்த்தே அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலையும் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுவது நல்லது.

ஒரு வருஷம் எழுதிய மடலை மறு வருஷம் தேதி மட்டும் மாற்றி அனுப்புவதில் ஆபத்து இருக்கிறது. 2025-இல் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. கோப்பு ஏற வேண்டிய புதன்கிழமை மாட்டுப் பொங்கலன்று வந்தது; பட்டியல் வரும் செவ்வாய்க்கிழமையே பொங்கல். 2026-க்கு எழுதிய நேரங்கள் அந்த வாரத்துக்கு ஒத்தே வராது. அப்போது பட்டியலைத் திங்கட்கிழமை பகலுக்குள் கேட்க வேண்டும், அது முடியுமா என்று ஆலையின் ஷிப்ட் மேற்பார்வையாளரையும் முன்பே விசாரிக்க வேண்டும். கூடவே விடுமுறையின் நட்டநடு நாளில் கார்டும் அதிகாரமும் உள்ள ஒருவர் முழு நேரம் உட்கார வேண்டும். அவருக்கு அந்த நாளுக்கான மாற்று விடுப்பு எது என்பதையும், மடலை அனுப்புவதற்கு முன்பே அவரோடு பேசி முடிவு செய்துவிட வேண்டும்.