ஐம்பது ஹெர்ட்ஸின் அடிவாரத்தில் ஒரு சின்னக் கோடு

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகும் சாலையில் இருக்கிறது மத்தூர். மாங்கூழ் ஆலைகளுக்கும் கிரானைட் பட்டறைகளுக்கும் பேர்போனது கிருஷ்ணகிரி மாவட்டம். இரண்டிலும் பாரம் இழுப்பது இண்டக்ஷன் மோட்டார்தான். அதன் ரோட்டாருக்குள் ஒரு கம்பி உடைந்தால் வெளியே தெரியாது. ஆனால் மோட்டாருக்குப் போகும் கரண்ட்டில் அது தெரியும்.

நான்கு துருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். பாரத்தோடு ரோட்டார் 1,470 சுற்று ஓடினால், 2 சதவீதம் பின்தங்குகிறது. கம்பி உடைந்திருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும், அந்தப் பின்தங்கலின் இருமடங்கு தள்ளி, அதாவது 48-லும் 52-லும் சின்னக் கோடுகள் எழும். அவற்றின் உயரம் நடுக்கோட்டில் 200-ல் ஒரு பங்கு, 0.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

கரண்ட்டை 10 வினாடி பதிவுசெய்தால் 0.1 ஹெர்ட்ஸ் படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நடுக்கோட்டுக்கும் ஒவ்வொரு சின்னக் கோட்டுக்கும் நடுவே 20 படி இடைவெளி. தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் ஃபூரியர் கணக்கு, பதிவின் கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு ஒட்டி, அதே துண்டு ஓயாமல் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் சரியாக 50 ஹெர்ட்ஸ் என்றால் 500 முழு அலைகள், ஒட்டு தெரியாது. அன்றைக்கு 49.95 என்றால் 499 அலையும் ஒரு அரையும். ஒட்டிய இடத்தில் அலை முறிகிறது. அந்த முறிவின் விலையாக நடுக்கோட்டின் வலு பக்கத்துப் படிகளிலெல்லாம் வழிகிறது. 2 ஹெர்ட்ஸ் தள்ளியும் அந்தக் கசிவு 1.6 சதவீதம். நாம் தேடும் கோடு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இதற்கு மருந்து, பதிவின் இரு முனைகளையும் மெல்லச் சுழியத்துக்கு இறக்கிவிடுவது. அப்படி இறக்கும் வளைவுக்குச் சாளரம் என்று பெயர். ஆஸ்திரிய வானிலையாளர் யூலியஸ் ஃபொன் ஹானின் பெயரைத் தாங்கிய ஹான் சாளரத்தைப் போட்டால், அதே இடத்தில் கசிவு 0.0043 சதவீதமாகச் சுருங்குகிறது. 0.5 சதவீதக் கோடு பளிச்சென்று நிற்கும்.

இதற்கும் விலை உண்டு. சாளரம் போடாதபோது ஒரு கோடு இருபுறமும் ஒவ்வொரு படி அகலம். ஹானில் இரண்டிரண்டு படி. ஒரே உயரமுள்ள இரு கோடுகள் நெருங்கி நின்றால் சாளரம் போடாததே மேல். இங்கே ஒன்று யானை, மற்றது எறும்பு, அதனால்தான் ஹான்.

கண்ட கோடு நிஜமா என்று சந்தேகம் வந்தால் சற்று நீளமாகப் பதிவுசெய்து, அதை 10.01 வினாடிக்கு வெட்டிப் பாருங்கள். 49.95-க்கு அது ஏறக்குறைய சரியாக 500 அலை. கசிவு என்றால் காணாமல் போகும். நிஜக் கோடு அசையாது. பதிவின் வாலில் சுழியங்களைச் சேர்த்து நீட்டுவதால் மட்டும் பயன் இல்லை. படம் வழவழப்பாகும், புதிய தகவல் வராது.

மோட்டார் பாரமில்லாமல் 1,495 சுற்றில் ஓடும்போது எடுத்த பதிவுதான் என்னை எப்போதும் கவலைப்படுத்துவது. இடைவெளி 0.33 ஹெர்ட்ஸாகச் சுருங்கி, சின்னக் கோடு ஹானிலும் நடுக்கோட்டின் அடிவாரத்தில் புதைந்துவிடும். பதிவை நிமிடக்கணக்கில் நீட்டினால், அதற்குள் மின்சார அதிர்வெண்ணே நகர்ந்து கோடுகளை மழுக்கிவிடும். பழக்கூழ் ஓடிக்கொண்டிருக்கும்போது, முழுப் பாரத்தில் எடுத்த 10 வினாடியே போதும்.